இது அந்த ரத்தம் இல்லை

மைனாக்குட்டிக்கு அம்மா எழுதுவது. சாப்பிட்டாயா?

சித்தி போன் செய்தாள். அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நீ சுருட்டி வைத்திருந்த உள்ளாடையைப் பார்த்தாளாம். கேட்டதற்கு, "அக்காவுக்கு வந்ததே எனக்கும் வந்துடுச்சு, அம்மாகிட்ட சொல்லாதீங்க"ன்னு அழுதாயாம். கலர் பென்சிலை எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தும் விட்டாயாமே. "உயில் எழுதாத குறைதான் உன் பொண்ணு" என்றாள் சித்தி. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அக்கா போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். போனில் பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படி.

உனக்கு நோய் இல்லை கண்ணு. பெரியவளாகிவிட்டாய், அவ்வளவுதான். அக்காவுக்கு மூக்கிலும் ஈறிலும் வந்ததே, அது ரத்தத்திலேயே வந்த நோய். இது வேறு. நான் துணி துவைக்கிற ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அடிவயிற்றில் கர்ப்பப்பை இருக்கிறது, உன் கையை மூடினால் வரும் அளவு. மாதாமாதம் அதன் உள்ளே மெத்தை மாதிரி ஒரு படலம் வளரும், பிள்ளை உண்டானால் தங்குவதற்காக. பிள்ளை இல்லையென்றால் படலம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வரும். மூத்திரம் போகிற வழி இல்லை, அதற்குப் பின்னால் தனி வழி. பார்த்தால் நிறையப் போவது போல இருக்கும். மொத்தமும் சேர்ந்தாலும் சின்ன டம்ளர் நிறையாது. முதலில் பழுப்பாக வரும், பிறகு சிவப்பாக, முடிகிறபோது மறுபடி பழுப்பாக. இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை இருக்கும். அடுத்த மாதமே வராவிட்டாலும் பயப்படாதே, ஒன்றிரண்டு வருஷம் தப்பித் தப்பித்தான் வரும்.

சித்தி நாப்கின் கொடுப்பாள். உள்ளாடையில் ஒட்டிக்கொள். நிறையாவிட்டாலும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. பழையதைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடு, கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கை கழுவு. குளி, ஓடு, பள்ளிக்கூடம் போ, எதை வேண்டுமானாலும் தொடு. வயிறு வலித்தால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள். கறை பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்புப் போடு, வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். நான் தினமும் பார்க்கிற வேலை அது.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஒரு வாரம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, வலி தாங்கவில்லை என்றாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, அடிபடாமலே உடம்பு கன்னினாலோ உடனே சித்தியிடம் சொல்லிவிடு. என்னிடமும் சொல். அம்மா தாங்கமாட்டாள் என்று நினைக்காதே. நான் தாங்குவேன்.

பென்சிலைத் திருப்பி வாங்கிக்கொள், வெட்கப்படாதே. நூறு வயசு இருக்கணும் நீ.

அக்காவும் எனக்காகப் பயந்துதான், முதலில் எதையாவது இப்படிச் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாளாடி?

அம்மா