துலாத்தில் சனி, மூன்றாம் பாதமா நான்காம் பாதமா

புரட்டாசி 3, வெள்ளி. வடக்கனந்தல்.
மூட்டம். மழை இல்லை. முழங்கால் வலி.

சனி தசைக்கு இன்னும் பதினோரு நாள். மறுபடி கூட்டிப் பார்த்தேன். பூராடம், பிறக்கும்போது சுக்கிர தசை இருப்பு 15 வருடம். சூரியன் 6, சந். 10, செவ். 7, ராகு 18, குரு 16. மொத்தம் 72, என் வயது. சரி.

சாயங்காலம் மலர் வந்தாள். தம்பி கோவிந்தன் மகள். வெள்ளிமலைப் பள்ளியில் டீச்சர். மலையிலிருந்து நேராகப் பஸ்ஸில். கையில் சமாதானப் பத்திரம். கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள். எனக்கும் தம்பிக்கும் ராகு தசையில் தொடங்கிய வழக்கு.

"அப்பா ஆஸ்பத்திரில படுத்துக்கினு உங்களயே கேக்குறாரு, பெரிப்பா. கையெழுத்து போட்டுடுங்க."

பதினாலாம் தேதிக்கு அப்புறம் பேசலாம் என்றேன். சனி உச்சம், அதோடு வர்கோத்தமம். ராசியிலும் துலாம், நவாம்சத்திலும் துலாம். அந்தக் கிரகம் தன் தசையில் முழுப் பலன் தரும். தீர்ப்பு என் பக்கம்தான்.

போனில் என் ஜாதகத்தைப் போட்டாள்.
"இன்னா பெரிப்பா, அம்சத்துல விருச்சிகம் காட்டுது?"

போன் பொய் சொல்லும் என்றேன். தூக்கம் இல்லை.

4, சனி.
ரிஷிவந்தியம். பஸ்ஸில் நின்றே போனேன். கோயில் குருக்களிடம் நான் பிறந்த வருடத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் இருந்தது. போனும் இந்தக் கணக்குதான்.

சர ராசியில் முதல் நவாம்சம் வர்கோத்தமம், ஸ்திரத்தில் ஐந்தாவது, உபயத்தில் ஒன்பதாவது. துலாம் சரம். ஆகவே 0 பாகையிலிருந்து 3 பா. 20 கலை வரை, சித்திரை 3ஆம் பாதம். நான் வாக்கியப் பஞ்சாங்கத்தில் எடுத்தது 3.05. திருக்கணிதத்தில் 3.41. நான்காம் பாதம். அம்சம் விருச்சிகம்.

பிறந்த நேரம் தப்பா? சனி நாளுக்கு ஏழு கலைதான் நகர்கிறது. எல்லை தாண்டிய இருபத்தொரு கலைக்கு மூன்று நாள். அம்மா மணியைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். மூன்று நாளைத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

குருக்கள்: "எதுக்குங்க மனசொடையறீங்க? உச்சம் எங்கயும் போகல. இந்த ஒரு பலம்தான் இல்ல."

நாற்பது வருடம் நானே படித்துக் கற்றது. யாரும் சொல்லித்தரவில்லை. திருத்தவும் ஆள் இல்லை.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

5, ஞாயிறு.
கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. பினாயில் நெடி. கோவிந்தன் பாதியாக இருக்கிறான்.

"வாண்ணா. ஒன் சனி இன்னிக்கா?"
"இன்னும் ஒம்போது நாளு."
"அதுக்குள்ள போட்ரு. அப்புறம் நீ ஜெயிச்சிக்கினு போயிடுவ. அதப் பாக்க நான் இருக்கமாட்டேன்."

சிரித்தான். இருமல் வந்தது. மலர் தண்ணீர் கொடுத்தாள். வர்கோத்தமம் இல்லை என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தோற்பேன் என்று பயந்து வந்ததாக அவன் நினைக்கக்கூடாது.

பேனா கேட்டேன். பத்திரத்தின் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

வீடு வந்து ஜாதக நோட்டை எடுத்தேன். சித்திரை 3 என்றே இருக்கிறது. அடிக்கவில்லை.

நாளை தண்ணீர் அவன் முறை.