எட்டு நாள் மூத்தவள்

நாட்டில் சண்டை முடிந்துவிட்டதென்று இன்று ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். சத்தத்துக்குப் பயந்து உன் மகள் என் மடியில் வந்து விழுந்தாள். வெடிமருந்து வாசம் வீடெல்லாம் நிற்கிறது. "சாச்சி, காதப் பொத்துங்க" என்றாள். சாச்சி. உம்மாவின் தங்கச்சியைக் கூப்பிடும் சொல், நீ பழக்கியது.

மாமியின் மகளாய் இருந்திருந்தால் மச்சி என்று கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்போம். நம் உம்மாமார் கூடப்பிறந்தவர்கள். அதனால் நாமும் ராத்தா, தங்கச்சிதான். உன் உம்மா என் உம்மாவுக்கு மூத்தவர், எனக்குப் பெரியம்மா. அதைப் பிடித்துக்கொண்டு நீயே ராத்தா என்று நின்றாய்.

"இவள் பொறந்து எட்டு நாளைக்குப் பொறகுதான்கா நீ வந்த. உம்மாட வயச வெச்சு ராத்தா ஆக ஏலாது" என்று என் உம்மா சிரிப்பார்.

"எட்டு நாளெல்லாம் ஒரு வயசா? இவளுக்கு மூக்குத் துடைச்சு விட்டதே நான்தான்" என்பாய்.

கலியாணம் முடிந்தும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய். நான் உனக்கு மூத்தவள் என்பதால் உன் மகளுக்கு நான் பெரியம்மா. நீயோ அவள் வாய் திறந்த நாளிலேயே என்னைக் காட்டி "சாச்சி" என்று சொல்லிக் கொடுத்தாய். என்னைப் பார்த்துக் கண்ணும் அடித்தாய்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் உன் மகளை என் இடுப்பில் வைத்துவிட்டு, நடக்க ஏலாத பெரியம்மாவைக் கூட்டிவரத் திரும்பினாய். நான் ஓடினேன். பின்னால் "ராத்தா! ராத்தா!" என்று கேட்டது. ஊரே ஓடுகிறது, எந்த வீட்டில் ராத்தா இல்லை? யாரோ ஒருத்தி தன் ராத்தாவைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். நீ கூப்பிட்டால் என் பெயர்தானே வரும். நான் திரும்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு இருந்தபோதுதான் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது. திரும்பியிருந்தால் பிள்ளையும் போயிருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று அவர்களுக்குத் தெரியுமா? வேறு யாருமில்லாத நேரத்தில்தான் என்னை மூத்தவளாக்கினாய். அப்போது நான் முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். இப்போதும் பின்னால் எந்தப் பிள்ளை ராத்தா என்றாலும் கால் நின்றுவிடுகிறது.

வெடிச் சத்தம் அடங்கிய பிறகு உன் மகள் கேட்டாள். "சாச்சி, நீங்க எங்கட உம்மாவ விட மூத்தயாம். பெரியம்மா எண்டுதான் கூப்பிடணுமாம். உங்கட உம்மா சொன்னாங்க. மெய்யா?"

"உனக்கு ஆர் சாச்சி எண்டு சொல்லித் தந்த?"

"உம்மாதான். அது மட்டும் ஞாபகமிரிக்கி."

உன் முகம் அவளுக்கு நினைவில்லை. படமும் மிஞ்சவில்லை. உன் வாயிலிருந்து வந்ததில் அவளிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு பொய்தான்.

"உம்மா சொன்னதுதான் சரி, மகள்" என்றேன். "அவதான் மூத்த."