சத்தமில்லாத பட்டாசு

சுகா,

போனில் சொன்னால் நீ இருமுவாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பட்டாசுக்குப் பயந்து நீ ஏனாத்தூரில் உன் அம்மா வீட்டில் இருந்தாலும் இங்கே தீபாவளி நன்றாகவே போனது. நம் நாய்தான் பாவம், காலையிலேயே தறிக்குழிக்குள் இறங்கிப் படுத்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்குப் பட்டாசு நேரம் முடிந்த பிறகுதான் ஏறி வந்து இட்லி தின்றது.

போன வருஷம் உன் மூச்சிழுப்புக்கு ஆகாதென்று வெடிகளைத் தவிர்த்து, வாசலில் புஸ்வாணமும் பாம்பு மாத்திரையும் மட்டும் கொளுத்தினேன். சத்தமில்லை என்று பெருமை வேறு. ஆஸ்பத்திரியில் உன் மூக்கில் ஆவி மருந்து வைத்தபோதும் தெருக்காரர்களின் வெடியைத்தான் திட்டினேன்.

இந்த வருஷம் நித்திலா சொன்னாள்: "அம்மாவ வெடி ஒண்ணும் பண்ணலப்பா. பாம்பு மாத்திரைப் புகைதான் நெஞ்ச அடச்சுது. நீதான் பக்கத்துல குந்திக்கினு கொளுத்திக்கினு இருந்த."

ஒரு நாள் முழுக்க மகளோடு நான் பேசவில்லை. பிறகு வீடு வீடாகப் போய், இந்த முறை வாசலில் கொளுத்தாமல் ஒரே இடத்தில் வெடிக்கலாமா என்று தெருக்காரர்களிடம் கேட்டேன். கையில் ஒரு பட்டு இழையைத் தொங்கவிட்டுக் காற்று போகும் திசை பார்த்தோம். புகை வீடுகள் பக்கம் திரும்பாத தெருக்கோடி மைதானத்தில்தான் எல்லோரும் வெடித்தோம். நித்திலா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

உன் வெள்ளைத் துண்டை அன்று முழுக்க வாசல் கொடியில் போட்டிருந்தேன். துவைக்காமல் இதோடு அனுப்புகிறேன். முகர்ந்து பார். புகை வாசனை இல்லையென்றால் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்