அண்ணன் நிறுத்திவைத்த ஒன்பது பேர்

மார்ச் 11, செவ்வாய்

இதை எழுதுவதே கோபத்தில்தான்.

அப்பாவுக்காக அண்ணன் இணையத்தில் தொடங்கிய நினைவுப் பக்கத்தில் யார் அஞ்சலி எழுதினாலும், அவன் அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியும். "புதுசா யாராச்சும் எழுதிருக்காகளா?" என்று அம்மா தினமும் கேட்பாள். நானும் பார்த்துவிட்டு, இல்லை என்பேன்.

இன்று படம் ஒன்று சேர்க்க அவனிடம் கடவுச்சொல் வாங்கி உள்ளே போனேன். ஒன்பது பதிவுகள் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தன. எட்டு, அப்பா ஓட்டிய ஜீப்பில் கம்பம் ஊரிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனவர்கள் எழுதியவை. ஒன்பதாவதை எழுதிய பெண் அப்பாவைப் பார்த்ததே இல்லை. புருஷன் செத்ததிலிருந்து தூக்கமில்லையாம். 'கடைசி ஆள் வரும்வரை வண்டியை எடுக்க மாட்டார்' என்று எங்கள் பக்கத்து வீட்டு வாத்தியார் அப்பாவுக்கு எழுதி, ஏற்கெனவே வெளியாகியிருந்த அஞ்சலியைப் படித்த அன்றுதான் தூங்கினாளாம்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"கூலி ஆளுக, முன்னப்பின்ன தெரியாதவுக எழுதுனதெல்லாம் எதுக்குடி? என் ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாக" என்றான். அப்பாவை 'டிராவல்ஸ் அதிபர்' என்று போட்டவனும் இவன்தான்.

"நீ படிச்சதே அந்த ஆளுக ஏறுன ஜீப்புலதேன்" என்று கத்திவிட்டு வைத்தேன்.

ஒன்பதையும் வெளியிட்டு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் பதிவுக்குக் கீழே அம்மா சொன்னதை அப்படியே தட்டினேன்: "அவுக ஜீப்பு ஓட்டுனவுகதேன் ஆத்தா. நீ வந்திருந்தா உனக்கும் நின்னுருப்பாக."

அண்ணன் நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். எல்லாவற்றையும் நீக்கச் சொல்லத்தான் இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.