341.000

வெரோனா, இத்தாலி,
ஞாயிறு, மழை.

அன்புள்ள சதீஸ் அண்ணாவுக்கு,

நான் நலம். பாரிசவாதத்தில் விழுந்த அம்மாவின் இடது கை இப்போது கொஞ்சம் அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேட்டதும் ஆறுதலாக இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் தெரப்பி செய்கிறவரை நிறுத்த வேண்டாம். இந்த மாதப் பணத்தை நேற்று அனுப்பிவிட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கட்டிலில் இருக்கும் அம்மாவின் காதில் விழும்.

வீட்டை உங்கள் பெயருக்கு எழுத அம்மா ஒப்பம் வைத்துவிட்டார். என் ஒப்பம்தான் பாக்கி. என் பங்கு படிப்புச் செலவாக எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லி, அம்மா இங்கே வேலை செய்த காலத்தில் அனுப்பிய பணங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். பணம் அனுப்பும் கடையில் கொடுத்ததாம். அதில் ஒரு வரி: 'டிலானி படிப்புக்கு, 2.500,00 யூரோ.'

முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான்கு வருடம் கணக்கியல் படித்தவள், கூட்டல் தெரியாதவள் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் 1,200.00 என்று எழுதுவதை இங்கே 1.200,00 என்று எழுதுகிறார்கள். ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் காற்புள்ளி. மாற்று விகிதத்தைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தில் தருகிறார்கள். 342,150 என்றிருந்தது. மூன்று லட்சமா என்று திகைத்தேன். ஒரு யூரோவுக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் பதினைந்து சதம், அவ்வளவுதான்.

பெருக்கிப் பார்த்தேன். 1.200,00 யூரோவுக்கு 410.580,00 ரூபாய். சரி. 850,00 யூரோ, விகிதம் 338,400. ரூபாய் 287.640,00. அதுவும் சரி. எல்லா வரியும் சரியாக வந்தது. அம்மா யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சேர்த்த சதங்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

என் பெயர் இருந்த வரிக்கு வந்தேன்.

யூரோ 2.500,00. ரூபாய் 852.500,00. இரண்டையும் இந்த நாட்டு முறையில் கவனமாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் விகிதம்: 341.000.

காற்புள்ளி இல்லை. புள்ளி.

இந்த நாட்டில் அது ஒரு யூரோவுக்கு மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபாய். அந்த விலைக்கு அம்மா அன்று பணம் அனுப்பியிருந்தால் நமக்கு வீடு எதற்கு, வத்தேகம டவுனையே வாங்கியிருக்கலாம். மூன்று சைபரையும் பார்த்து எழுதிய கை, புள்ளியை மட்டும் பழக்கத்தில் வைத்துவிட்டது. கண்டியில் படித்த கை. எனக்கும் அதே பழக்கம்தான். அதனால்தான் கண்ணில் பட்டது.

அப்போதும் நம்பவில்லை. அம்மா இங்கே விட்டுப்போன வாடிக்கையாளர் அட்டையை எடுத்துக்கொண்டு, அந்தப் பணம் அனுப்பும் கடைக்குப் போனேன். நஸீம் நானா இருந்தார், நம் ஊர்ப் பக்கம், கலகெதரக்காரர். பட்டியலை மறுபடி அடித்துத் தந்தார். என் பெயர் இருந்த வரியே அதில் இல்லை. உங்கள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கட மெஷினுக்கு இப்புடி புள்ளி வெக்கத் தெரியாது தங்கச்சி. இது ஊர்ல வெச்ச புள்ளி" என்றார். பிறகு, கேட்காமலே, தேநீர் வாங்கித் தந்தார். எனக்கு அந்தத் தேநீர்தான் அவமானமாக இருந்தது.

நான் எப்படிப் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பாலத்தடித் துணிக்கடையில் பகலெல்லாம் பில் எழுதினேன். வகுப்புக்குப் பணம் கேட்டபோது, "கூரை போட்டு முடியட்டும்" என்றீர்கள். கூரை போட்டு முடிந்தது. மேல்மாடியும் வந்தது.

எல்லாவற்றையும் எழுதி, பத்திரத்தைக் கிழித்து அனுப்பத்தான் இருந்தேன். இடையில் போன ஞாயிறு அம்மா வீடியோவில் பேசினார். போனை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள். சொல் சொல்லாக வந்தது. "அண்ணன் தாளக் காட்டுனான். எனக்கு ஞாபகமே இல்ல. நான் அனுப்புன காசுலதான படிச்ச?"

ஆமாம்மா என்றேன்.

"அப்ப சரி" என்றார். சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால். அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அப்போது நீங்கள் போனை வேறு பக்கம் திருப்பினீர்கள், சுவர் தெரிந்தது.

பத்திரத்தை ஒப்பம் இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவுக்கு உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உண்டு என்று நொத்தாரிசிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது சேர்ந்து வந்தால் ஒப்பம் வைக்கிறேன். என் பங்கு உங்களுக்கே. பட்டியலைப் பற்றி அண்ணியிடம்கூடச் சொல்லமாட்டேன்.

அந்தத் தாளை அம்மாவிடமிருந்து எடுக்காதீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராமே. கணக்குத் தெரிந்தவர் யாராவது வரக்கூடும்.

புள்ளியை மட்டும் காற்புள்ளி ஆக்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அம்மா அங்கே இருக்கிறார்.

உங்கள் தங்கை,
டிலானி