ஆறேகால் மணி வாழ்த்து

சித்தப்பா,

இன்று காலை ஆறேகாலுக்கு என் கைப்பேசி ஒலித்தது. திரையில் உங்கள் வாக்கியம்: “சித்தி பிறந்த நாள். என்னை முந்தாதே.”

ஒரு முறை உங்களுக்கு முன்பே நான் வாழ்த்து அனுப்பிவிட்ட குற்றத்துக்காக, என் கைப்பேசியைப் பிடுங்கி நீங்களே பதிந்துவைத்த நினைவூட்டல் அது. ஆறு மணி உங்களுடையது; எனக்கு ஆறேகால். செங்கல்பட்டு வீட்டின் கூடத்தில் அமர்ந்து, அடுக்களையில் நிற்கும் சித்திக்குக் குடும்பக் குழுவில் வாழ்த்து எழுதுவீர்கள்.

“நாலடி நடந்து வந்து சொன்னா இன்னா, காலு தேஞ்சுடுமா?” என்பார் சித்தி.

“ஊரு பாக்க வாணாமா?” என்பீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இன்று ஆறு மணிக்குக் குழுவில் எதுவும் வரவில்லை. உங்கள் தங்கை, என் அத்தை, நேற்றே எல்லோரையும் அழைத்து எச்சரித்திருந்தார். “வருஷம் திரும்பல. அந்த வூட்டுக்கு யாரும் வாழ்த்துகீத்துன்னு அனுப்பாதீங்க. அண்ணி அழுதுகினே உக்காரும்.” படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், அத்தனை பேரும் கீழ்ப்படிந்தார்கள். தனியே இருக்கும் ஒரு பெண்ணை அவளுடைய நாளிலும் தனியே விடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை. நான் அத்தையிடம் குரலை உயர்த்தவில்லை. “சரி அத்தை” என்று மட்டும் சொன்னேன். இனி அந்தச் சொல்லும் அவருக்கு என்னிடமிருந்து கிடைக்காது.

ஆனால் நானும் யோக்கியனல்ல. முதலில் எழுதியது, “இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.” இனிமை எங்கிருந்து வரும்? அழித்தேன். “ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்.” அது, கேட்கும் வேலையையும் அவர் தலையில் கட்டுவது. அதையும் அழித்தேன். உங்கள் பெயரைத் தவிர்த்து எழுதியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் அனுப்பியது இது:

“சித்தி, இன்னிக்கு உங்க பிறந்த நாள். சித்தப்பா முதல்ல சொல்லாத முதல் பிறந்த நாள். எழுந்ததுலேருந்து அவர் ஞாபகமாவே இருக்கு. பதில் போட வேண்டாம். நாலு மணிக்கு வண்டியோட வரேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். மனசு இல்லேன்னா வீட்லயே டீ குடிக்கலாம்.”

பத்து நிமிடத்தில் சித்தியின் அழைப்பு.

“ஆறு மணிலேருந்து போன கைலயே வச்சிகினு கீறேன்டா. அவர் பேர எடுத்தா நான் அழுவேனாம், ஒருத்தரும் எடுக்கறதில்ல. எடுக்கலன்னா மட்டும் சிரிச்சிகினா இருக்கேன்?”

அழுதார். பிறகு, “நாலு மணின்னா நாலு மணிக்கு வா. உங்க சித்தப்பா மாதிரி அஞ்சரைக்கு வராத” என்றார்.

கடற்கரையில், அங்குள்ள இடிந்த டச்சுக் கோட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த நினைவூட்டலை அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “பாவி மனுஷன், இதுலயும் போட்டி” என்று சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“அடுத்த வருஷம் ஆறு மணிக்கே அனுப்பு. அந்தக் கால் மணி நேரம் தாங்கல.”

அங்கேயே நேரத்தை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன், சித்தப்பா. உங்கள் வாக்கியத்தில் கை வைக்கவில்லை.