வாடகையில் அம்மாவின் பங்கு

அன்புள்ள அம்மா,

நீ என்னோடு தங்க வந்து ஒரு மாதமாகிறது. ஒண்ட வந்தவள் மாதிரி ஒதுங்கிக்கொண்டு, வீட்டு வேலை முழுவதையும் நீயே இழுத்துப்போட்டுச் செய்கிறாய். நேற்று தையற்கூடத்தில் வாங்கிய முதல் சம்பளத்தை மேசைமேல் வைத்தாய்.

"வாடகைல என் பங்க எடுத்துக்க. சும்மா உக்காந்து திங்கிறேன்னு இனி யாரும் சொல்லக் கூடாது" என்றாய்.

முப்பது வருடமாக அப்பா உன்னிடம் சொன்ன வார்த்தை அது.

சரி, பங்கு போடுவோம். என் சம்பளம் உன்னுடையதைப் போல மூன்று மடங்கு. அதனால் வாடகையில் முக்கால் நான், கால் நீ. மின்சாரமும் தண்ணீரும் எரிவாயுவும் சரிபாதி. சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது. குளியலறை வாரம் ஒருவர். இந்த வாரம் என் முறை. நீ தேய்த்து வைத்தால் சண்டைதான்.

காலையில் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "வாடகை குடுக்கிறவங்க பேரு இருக்கணும்ல?" என்று ஒப்பந்தத்தில் உன் பெயரையும் சேர்த்துவிட்டார். கையெழுத்துப் போட்டு வை.

அம்மா, உன் பெயர் எழுதிய முதல் வீடு இது. 'வெளியே போ' என்று இங்கே உன்னிடம் யாரும் சொல்ல முடியாது. கோபம் வந்தாலும் நான்கூடச் சொல்ல முடியாது!

இப்படிக்கு,
உன் மகள், இன்றுமுதல் பங்காளி